பால் சுவைக்குழுப் பயிற்சித் தேர்வு: ஆக்ஸிடைஸ்ட் கப்பையும் ரான்சிட் கப்பையும் குழப்புகிறார்கள், குக்ட் கப்பை இரண்டே பேர்தான் கண்டுபிடித்தார்கள்

சீல்பாக்கெட்
வணக்கம். ஒரு தனியார் பால் பிளான்ட்டில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பேக்கிங், லேப், ரிசப்ஷன் என்று கலந்து 12 பேரைச் சேர்த்து ஒரு சுவைக்குழு அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் முதல் பயிற்சித் தேர்வு வைத்தேன். நாலு கப். ஒன்று சாதாரணப் பால், ஒன்று குக்ட் என்கிற வெந்த வாடைப் பால், ஒன்று ஆக்ஸிடைஸ்ட் என்கிற காற்றுப் பட்டுக் கெட்ட பால், ஒன்று ரான்சிட் என்கிற கொழுப்பு கெட்ட பால். தாளில் ஐந்து வார்த்தை: நார்மல், குக்ட், ஆக்ஸிடைஸ்ட், ரான்சிட், புளிப்பு. ஒவ்வொரு கப்புக்கும் ஒன்றை டிக் செய்ய வேண்டும்.

வந்த விடை இது. சாதாரணப் பாலை 6 பேர் நார்மல் என்றார்கள், 5 பேர் ஆக்ஸிடைஸ்ட், ஒருவர் குக்ட். குக்ட் கப்பில் 2 பேர்தான் சரி, மீதிப் பேரில் பெரும்பாலோர் நார்மல். ஆக்ஸிடைஸ்ட் கப்பில் 5 பேர் சரி, 6 பேர் நார்மல், ஒருவர் குக்ட். ரான்சிட் கப்பில் 4 பேர் சரி, 5 பேர் ஆக்ஸிடைஸ்ட், 3 பேர் புளிப்பு.

மேனேஜர் "இந்த ஆட்களுக்கு நாக்கே இல்லை, வேறு ஆளைப் பார்" என்கிறார். 12 பேருமா அப்படி இருப்பார்கள்? எங்கே தப்பு செய்தேன்?

எண்ணெய்ச்செக்கு
தம்பி, ஆக்ஸிடைஸ்ட், ரான்சிட் இரண்டும் ஒன்றுதான். கொழுப்பு காற்றுப் பட்டுக் கெட்டால் ரான்சிட். நான் எண்ணெய் ஆலை லேபில் 14 வருஷம் இருந்தவன். பெராக்சைடு மதிப்பு ஏறியது என்றால் சிக்கு வாடை வரும், அதைத்தான் ரான்சிட் என்று எழுதுவோம். ஒரே விஷயத்துக்கு இரண்டு பெயர் கொடுத்துவிட்டு ஆட்கள் குழப்புகிறார்கள் என்றால் எப்படி? பேசாமல் ஆறு மாதப் பழைய தேங்காய் எண்ணெயை மோந்து பார்க்கச் சொல்லுங்கள், எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பழைய_லாக்டோமீட்டர்
செக்கு சார், எண்ணெயில் நீங்கள் சொல்வது சரி. பாலில் அது அப்படியே தலைகீழ். பால்காரர்கள் ரான்சிட் என்று சொல்வது காற்றுப் பட்டுக் கெட்டதை இல்லை. பாலில் இயல்பாகவே இருக்கிற லைபேஸ் என்ற நொதி கொழுப்பை வெட்டி, பியூட்டிரிக், கேப்ரோயிக், கேப்ரிக் மாதிரி சின்னச் சின்ன அமிலங்களை அவிழ்த்து விடுகிறது. அதுதான் எங்கள் ரான்சிட். குழந்தை பால் கக்கினால் தோளில் ஒரு வாடை அடிக்குமே, அது. கூடவே சோப்பு நுரை வாயில் பட்ட மாதிரி ஒரு கசப்பு. தேங்காய் எண்ணெய்ச் சிக்கை மோந்து பழகியவர், இந்தக் கப்பைக் குடித்துவிட்டு ரான்சிட் என்று டிக் போடவே மாட்டார். அவர் மனதில் ரான்சிட் என்றால் சிக்கு. இந்தக் கப்பில் சிக்கு இல்லை. அதனால் பக்கத்தில் இருக்கிற ஆக்ஸிடைஸ்ட்டிலோ புளிப்பிலோ டிக் போடுகிறார். சீல்பாக்கெட் தம்பியின் 5 பேரும் 3 பேரும் அங்கேதான் போனார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் அது சின்னத் தப்பு. பெரிய தப்பு வேறெங்கோ இருக்கிறது. தம்பி, நாலு கேள்வி. எந்தப் பாலை அடிப்படையாக எடுத்தீர்கள்? ஒவ்வொரு கப்பும் எப்படித் தயார் செய்தீர்கள்? எப்போது செய்தீர்கள்? எந்தக் கப்பில் ஊற்றிக் கொடுத்தீர்கள்?

நெய்மணம்
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். வீட்டில் நெய் உருக்கி விற்கிறேன். மூன்று மாதத்தில் சிக்கு வாடை வருகிறது என்று இரண்டு பேர் திருப்பித் தந்துவிட்டார்கள். இது லைபேஸா, காற்றா? குழந்தை வாந்தி மாதிரி எல்லாம் இல்லை, பழைய எண்ணெய் மாதிரிதான் இருக்கிறது.

பழைய_லாக்டோமீட்டர்
நெய்மணம் அம்மா, நீங்கள் சொல்கிற வாடை காற்றால் வருவது. நன்றாகக் காய்ச்சிய நெய்யில் தண்ணீர் அநேகமாக இல்லை, நொதியும் வெந்து செத்துவிட்டது. அதனால் அங்கே ஆக்ஸிடேஷன்தான் முதல் சந்தேகம். வெளிச்சம் படும் கண்ணாடி பாட்டில், பாதி காலியான டப்பா, செம்புக் கரண்டி, இதையெல்லாம் பாருங்கள். உருக்குவதற்கு முன் வெண்ணெயைப் பத்து நாள் சேர்த்து வைக்கிற பழக்கம் இருந்தால், அந்தப் பத்து நாளில் கொஞ்சம் அமில வாடையும் சேர்ந்திருக்கும். அது உருக்கினாலும் முழுதாகப் போகாது. தனி இழை போடுங்கள், விவரமாகப் பேசலாம். இங்கே பால்தான் கணக்கு.

சீல்பாக்கெட்
சார், பதில்கள்.

எங்கள் டோன்டு பாக்கெட் பாலையே எடுத்தேன். பாஸ்டரைசர் 80 டிகிரியில் ஓடுகிறது, 16 செகண்ட். வரும் பால் அவ்வளவு சுத்தம் இல்லை என்பதால் 72-ல் ஓட்டவே மாட்டோம். கொழுப்புத் துளிகளைச் சிறிதாக்கி ஹோமோஜினைஸ் செய்த பால்.

குக்ட்: அதே பாக்கெட் பாலை 80 டிகிரிக்குச் சூடாக்கி ஒரு நிமிஷம் வைத்து ஐஸில் குளிர வைத்தேன்.

ஆக்ஸிடைஸ்ட்: காப்பர் சல்பேட் என்கிற மயில்துத்தத்தின் ஒரு சதவீதக் கரைசல், ஒரு லிட்டர் பாலுக்கு 1 மில்லி. காலை 8 மணிக்குக் கலந்து 10 மணிக்குக் கொடுத்தேன்.

ரான்சிட்: பச்சைப் பாலும் பாக்கெட் பாலும் பாதிக்குப் பாதி கலந்து ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன்.

கப் என்றால், டீக்கடைகளில் கொடுக்கிற பேப்பர் கப்தான். மூன்று இலக்க எண் எழுதி, மேலே அட்டையால் மூடி, ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே கொடுத்தேன்.

ஸ்ட்ராங்டீ
பேப்பர் கப்பா! எங்கள் கடையில் சூடான டீயை ஊற்றினாலே முதல் வாயில் அட்டை வாடை வரும். ஒரு வாடிக்கையாளர் கண்ணாடி டம்ளரில் தந்தால்தான் குடிப்பார்.

பழைய_லாக்டோமீட்டர்
ஸ்ட்ராங்டீ தம்பி ஒரே வரியில் பாதிக் கேஸை முடித்துவிட்டார்.

விடைத்தாளைத் திரும்பப் பாருங்கள். சாதாரணப் பாலை ஆக்ஸிடைஸ்ட் என்றவர்கள் 5 பேர். ஆக்ஸிடைஸ்ட் கப்பை ஆக்ஸிடைஸ்ட் என்றவர்களும் 5 பேர். இரண்டிலும் 6 நார்மல், 1 குக்ட். அதாவது உங்கள் 12 பேருக்கும் அந்த இரண்டு கப்பும் ஒரே பால்தான். "5 பேர் சரி" என்று நீங்கள் எண்ணியது சரி இல்லை. அவர்கள் கண்டுபிடித்தது கப்பின் அட்டை வாடையை. பாலில் ஆக்ஸிடைஸ்ட் வாடையை நாம் சொல்லிக்கொடுப்பதே நனைந்த அட்டைப்பெட்டி என்றுதானே. அட்டைக் கப்பில் ஊற்றி, அட்டையால் மூடி, அட்டை வாடை வருகிறதா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? இதில் நாக்கு இல்லாதவர் யாரும் இல்லை. அந்த 5 பேர் உங்கள் குழுவில் நல்ல மூக்குக்காரர்கள், அவர்களைத்தான் மேனேஜர் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்.

சரி, மயில்துத்தம் போட்ட பாலில் ஏன் வாடை வரவில்லை? மூன்று காரணம், மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

முதலாவது நேரம். செம்பு போட்ட உடனே அட்டை வாடை வராது. அது கொழுப்புத் துளியின் மேல்தோலில் உள்ள பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வேலை செய்யும். குளிரில் ஒரு நாளாவது, பத்திரமாக இரண்டு நாள் வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கிடைப்பது மயில்துத்தத்தின் உலோகச் சுவை மட்டும்தான், அதுவும் உங்கள் அளவில் லேசாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, ஹோமோஜினைஸ் செய்த பால் செம்பால் வரும் ஆக்ஸிடேஷனை நன்றாகத் தாங்கும். ஹோமோஜினைஸ் செய்யாத பாலில்தான் அது சுலபமாக வரும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. உங்கள் பால் ஏற்கெனவே 80 டிகிரி பார்த்த பால். 75-ஐத் தாண்டினால் மோர்ப்புரதம் விரியத் தொடங்கி, அதற்குள் ஒளிந்திருந்த கந்தகக் குழுக்கள் வெளியே வரும். குக்ட் வாடைக்குக் காரணமே அந்தக் கந்தகம்தான். அதே கந்தகம் ஆக்ஸிடேஷனைத் தடுக்கவும் செய்யும். ஆக நீங்கள் பாலுக்கு முதலில் கவசத்தை மாட்டிவிட்டு, அப்புறம் அம்பு விட்டிருக்கிறீர்கள்.

குக்ட் கப் ஏன் தோற்றது என்பதும் இப்போது தெரிந்திருக்கும். அடிப்படைப் பால் 80 டிகிரி. குக்ட் கப்பும் 80 டிகிரி, ஒரு நிமிஷம். வித்தியாசம் கண்டுபிடித்த அந்த 2 பேருக்கு ஏதாவது பரிசு கொடுங்கள்.

சென்சரி_மாணவி
சார், ஒரு சந்தேகம். இதையெல்லாம் தேர்வுக்கு முன்னாலேயே பிடிக்க வழி இருக்கிறதே. பெயர் சொல்லச் சொல்வதற்கு முன் முக்கோணத் தேர்வு வைக்கலாம். மூன்று கப், இரண்டு ஒரே பால், ஒன்று வேறு. எது வேறு என்று மட்டும் கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 12 பேரில் 4 பேர் சரியாகச் சொல்வார்கள். 8 பேராவது சரியாகச் சொன்னால்தான் இரண்டு பாலுக்கும் நடுவே உண்மையிலேயே வித்தியாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், 5 சதவீத அளவில். 7 பேர் சொன்னாலும் போதாது. வித்தியாசமே தெரியாத கப்புக்குப் பெயர் வைக்கச் சொல்வது நியாயம் இல்லை.

பழைய_லாக்டோமீட்டர்
ரொம்பச் சரி அம்மா. ஒன்றே ஒன்று நினைவில் இருக்கட்டும். முக்கோணத் தேர்வு நம் சாம்பிளைத்தான் சோதிக்கிறது. ஆளை இல்லை. வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லும், அது அட்டையா சோப்பா என்று சொல்லாது. அதனால் முதல் நாள் முக்கோணம், அடுத்த நாள் பெயர்.

சீல்பாக்கெட் தம்பிக்கு, நான் செய்கிற முறை இது.

தெரிந்த ஒரு பண்ணையில் இருந்து, காலையில் கறந்து உடனே குளிர வைத்த பசும்பால் வாங்குங்கள். லேபிலேயே வாட்டர் பாத்தில் 63 டிகிரி, 30 நிமிஷம், அப்புறம் ஐஸ் தண்ணீரில் 5 டிகிரிக்குக் கீழே இறக்குங்கள். இதுதான் உங்கள் நார்மல். இதில் குக்ட் வாடை இருக்காது, ஹோமோஜினைஸும் கிடையாது. ஆடை மிதக்கும், ஊற்றும் முன் மெதுவாகக் கலக்குங்கள், அடித்துக் கலக்காதீர்கள்.

குக்ட்டுக்கு இந்தப் பாலையே 80 டிகிரியில் ஒரு நிமிஷம். இதைத் தேர்வு அன்று காலையில் செய்யுங்கள், ஏனென்றால் இந்த வாடை நிலைக்காது. இரண்டு மூன்று நாளில் பாதி காணாமல் போய்விடும்.

ஆக்ஸிடைஸ்ட்டுக்கு ஒரு சதவீத மயில்துத்தக் கரைசல். அதில் ஒரு மில்லியில் சுமார் 2.5 மில்லிகிராம் செம்பு இருக்கிறது. ஒரு லிட்டர் பாலுக்கு 0.4 மில்லி போதும், ஒரு பிபிஎம் ஆகிவிடும். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னே கலந்து, கண்ணாடி பாட்டிலில், இருட்டில், 4 டிகிரியில் வையுங்கள். லேப் தரத்து மயில்துத்தம் மட்டும்தான், உரக்கடைச் சரக்கு வேண்டவே வேண்டாம். குழுவினர் விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும்.

ரான்சிட்டுக்குப் பச்சைப் பாலை 30 டிகிரி போல வெதுவெதுப்பாக்கி, மிக்ஸியில் நுரைக்க இரண்டு நிமிஷம் அடியுங்கள். கொழுப்புத் துளியின் தோல் கிழிந்து லைபேஸ் உள்ளே நுழையும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் அதையும் 63 டிகிரி 30 நிமிஷம் வைக்க வேண்டும். இது கட்டாயம். நீங்கள் போன முறை பச்சைப் பால் கலந்ததைச் சூடாக்காமலே கொடுத்தீர்களா? புருசெல்லா, காசநோய் எல்லாம் பச்சைப் பாலில் வரக்கூடியது. துப்பினாலும் வாயில் பட்டது பட்டதுதான்.

கப் கண்ணாடி. மூடியும் கண்ணாடித் தட்டு. பாலை 15 டிகிரி அளவுக்கு வர விட்டுக் கொடுங்கள். ஃபிரிட்ஜ் குளிரில் மூக்குக்கு எதுவும் எட்டாது.

சீல்பாக்கெட்
சூடாக்கவில்லை சார். கொடுத்தது தப்புதான், இனி செய்ய மாட்டேன். 12 பேரிடமும் சொல்லிவிட்டேன், மெடிக்கல் ரூமிலும் பதிவு செய்துவிட்டேன்.

பியூட்டிரிக் அமிலம் லேபில் இருக்கிறது. மிக்ஸி வேலை எல்லாம் இல்லாமல் இரண்டு சொட்டு விட்டால் ஆகாதா?

பழைய_லாக்டோமீட்டர்
வாடை வரும். ஆனால் அது ஒற்றை நரம்பில் வாசிக்கிற வீணை மாதிரி. கக்கல் வாடை மட்டும் இருக்கும், சோப்புக் கசப்பு இருக்காது. அந்தக் கசப்பு கொஞ்சம் நீளமான அமிலங்களில் இருந்து வருகிறது. சொட்டு விட்டுப் பழக்கின ஆட்கள், நிஜமாகவே ரான்சிட் ஆன பால் டேங்கரில் வந்தால் கோட்டை விடுவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ராங்டீ
எனக்கு ஒன்று புரியவில்லை. நம் ஊரில் பாலைக் காய்ச்சாமல் யார் குடிக்கிறார்கள்? வாங்குகிறவர் வீட்டுக்குப் போனதும் பொங்க வைக்கப் போகிறார். நான் காலை நாலு மணியில் இருந்து சுண்டச் சுண்ட காய்ச்சுகிறேன். அப்படி இருக்க குக்ட் எப்படிக் குறை ஆகும்? உங்கள் 12 பேரும் பிறந்ததில் இருந்து குக்ட் பால்தான் குடித்திருக்கிறார்கள். அதை நார்மல் என்று டிக் போட்டது அவர்கள் தப்பா?

எண்ணெய்ச்செக்கு
குக்ட் என்றால் அடிப்பிடித்த வாடை இல்லையா? அதைக் குறை என்று சொல்லலாமே.

பழைய_லாக்டோமீட்டர்
செக்கு சார், அடிப்பிடித்தது வேறு, அது கருகல். சுண்டக் காய்ச்சியதில் வரும் திரட்டுப்பால் வாசனையும் வேறு, அது சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பாகிற கணக்கு. குக்ட் அதற்கெல்லாம் முன்னால் வருவது. முட்டையை வேகவைத்து ஓட்டை உடைத்ததும் ஒரு நொடி மூக்கில் ஏறுமே, அதில் நூற்றில் ஒரு பங்கு. கூடவே லேசான இனிப்பு மாதிரி ஒரு நிறைவு. கேட்டால் பாதிப் பேர் "நல்லா இருக்கே" என்பார்கள்.

ஸ்ட்ராங்டீ கேட்டது நியாயமான கேள்வி. வாங்குகிறவர் இதற்காகப் புகார் கொடுக்க மாட்டார். ஆனால் சுவைக்குழு வாங்குகிறவருக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள் இல்லை, பிளான்ட்டுக்கு வைத்த தெர்மாமீட்டர். நேற்று லேசாக இருந்த குக்ட் இன்று தூக்கலாக இருந்தால், பாஸ்டரைசர் எங்கோ அதிகம் ஓடுகிறது, அல்லது திரும்பி வந்த பாலை மறுபடி சூடாக்கிக் கலந்திருக்கிறார்கள். பேனலிஸ்ட்டுக்கு அது பிடிக்கிறதா இல்லையா என்பதை யாரும் கேட்கவில்லை.

ஸ்ட்ராங்டீ
அப்படியானால் தாளில் குறை என்று ஏன் எழுதுகிறீர்கள்? "இருக்கிறது, இல்லை" என்று எழுதினால் போதாதா? குறை என்று தலைப்புப் போட்டால் எனக்குப் பிடித்ததைக் குறை என்று எழுதக் கை வராது.

சென்சரி_மாணவி
இதில் நான் ஸ்ட்ராங்டீ அண்ணா பக்கம். எங்கள் வகுப்பில் இப்படித்தான் சண்டை நடக்கும். தலைப்பில் "குறை" என்று போட்டால், பிடித்ததை நார்மல் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

இன்னொன்று, வரிசை. லாக்டோமீட்டர் சார் ரான்சிட் கப்பைக் கடைசியில் வைப்பார் என்று நினைக்கிறேன்?

பழைய_லாக்டோமீட்டர்
ஆமாம், எப்போதும் கடைசிதான். அந்தச் சோப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் அடுத்த கப் வீண்.

சென்சரி_மாணவி
கற்றுக்கொடுக்கும் நாளில் அது சரி. தேர்வு நாளில் கடைசிக் கப் ரான்சிட் என்று இரண்டாவது வாரமே எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. ஆளுக்கு ஆள் வரிசை மாற்றிக் கொடுத்து, ஒவ்வொரு கப்புக்கும் பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளித்து இரண்டு நிமிஷம் இருக்கச் சொல்லலாம். நார்மல் கப்பும் ஒன்று போதாது, இரண்டு வையுங்கள். ஒன்றுதான் என்று தெரிந்தால் கழித்துக் கழித்தே கடைசி விடையைப் போட்டுவிடுவார்கள்.

பழைய_லாக்டோமீட்டர்
ஒப்புக்கொள்கிறேன். என் குழுவில் இதை யாரும் சொல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். கண்டுபிடித்துவிட்டு எனக்குச் சொல்லாமல் இருந்திருப்பார்கள், அதுதான் நடந்திருக்கும்.

எண்ணெய்ச்செக்கு
சரி, பாலில் ரான்சிட் வேறு என்று ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் வாயில் வைத்ததும் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? வாடை வைத்தா?

பழைய_லாக்டோமீட்டர்
வாடையை மட்டும் நம்பாதீர்கள், எப்போது வருகிறது என்று பாருங்கள். ஆக்ஸிடைஸ்ட் மூடியைத் திறந்ததும் தெரியும், இல்லாவிட்டால் நாக்கில் பட்டதும் தெரியும். அட்டை, உலோகம், நாக்கு லேசாகச் சுருங்கி வறண்ட மாதிரி. நெல்லிக்காய் கடித்த பிறகு பல் கூசுவதை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புளிப்பு இல்லாமல். ரான்சிட் சோம்பேறி. மோந்தால் சில சமயம் ஒன்றுமே தெரியாது. வாயில் வைத்தால் முதலில் நல்ல பால் மாதிரியே இருக்கும். துப்பிவிட்டு மூன்று நான்கு மூச்சு விட்ட பிறகு தொண்டைக்குழியில் காறும், அப்புறம் சோப்பு, அப்புறம் கசப்பு. சீக்கிரம் டிக் போடுகிறவர் ரான்சிட்டைத் தவறவிடுவார். தாளில் "துப்பி, பத்து எண்ணி, அப்புறம் எழுதவும்" என்று போடுங்கள்.

புளிப்போடு குழப்பியவர்களுக்கு ஒன்று. புளித்த பால் நாக்கில் பட்டதுமே சுள்ளென்று குத்தும், தயிர் மாதிரி. ரான்சிட் அப்படிக் குத்தாது.

தாளில் ஆங்கில வார்த்தையைத் தூக்கிவிட்டுத் தமிழிலேயே எழுதுங்கள் என்பேன். நனைந்த அட்டை, கக்கல் அல்லது சோப்பு, வெந்த வாடை, புளிப்பு. காறல் என்ற சொல்லை மட்டும் போடாதீர்கள். எண்ணெய்க்கும் அது, சேனைக்கிழங்குக்கும் அது, ஆளுக்கொரு அர்த்தம்.

சீல்பாக்கெட்
பத்து நாள் கழித்து வருகிறேன். சொன்னபடி செய்தேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் முக்கோணம். பழைய முறையில் செய்த ஆக்ஸிடைஸ்ட் பாலையும் எங்கள் பாக்கெட் பாலையும் கண்ணாடிக் கப்பில் கொடுத்தேன். 12-ல் 5 பேர் சரி. சும்மா குறித்தாலே 4 வரும் என்று மாணவி சொன்னார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அடுத்த நாள் 63 டிகிரிப் பாலில் இரண்டு நாள் வைத்த ஆக்ஸிடைஸ்ட். 10 பேர் சரி. மேனேஜரைக் கூப்பிட்டு அவருக்கும் மூன்று கப் கொடுத்தேன், தப்பாகச் சொன்னார். அதற்கப்புறம் நாக்கு பற்றிப் பேச்சு வரவில்லை.

அப்புறம் பெயர்த் தேர்வு. ஐந்து கப், அதில் இரண்டு நார்மல். தாளில் தமிழ் வார்த்தைகள். வரிசையை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். வெந்த வாடை 9 பேர் சரி, நனைந்த அட்டை 8 பேர், கக்கல்/சோப்பு 10 பேர். நார்மல் கப் மொத்தம் 24, அதில் 20 சரி. தப்பான நாலில் இரண்டு வெந்த வாடை என்று வந்தது.

ஒரு சின்னச் சம்பவம். பேக்கிங்கில் இருக்கும் ஒரு அக்கா ரான்சிட் கப்பைத் துப்பிவிட்டு நார்மல் என்று டிக் போட்டார். அடுத்த கப்பை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே நின்று, தொண்டையைத் தடவிக்கொண்டு, "ஏய், இது என் பேத்தி கக்கின மாதிரி இருக்கு" என்று திரும்பி வந்து டிக்கை அடித்துவிட்டு மாற்றினார். பத்து எண்ணச் சொன்னதன் பலன்.

இரண்டு விஷயம் பாக்கி. நனைந்த அட்டையைத் தவறவிட்ட 4 பேரில் 3 பேர் அதை நார்மல் என்றே எழுதினார்கள். அதில் பாய்லர் ஆபரேட்டர் ஒருவர் முக்கோணத்திலும் இரண்டு முறை தோற்றார். ஆனால் ரான்சிட்டை எல்லோருக்கும் முன்னால் பிடிக்கிறார். அவரை வைத்துக்கொள்வதா, எடுப்பதா?

சென்சரி_மாணவி
அந்த அண்ணன் அட்டை வாடைக்கு மட்டும் மூக்கு மந்தமாக இருக்கலாம், அது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு முறை தோற்றதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவருக்கு மட்டும் தனியாக 9 முக்கோணம், வெவ்வேறு நாளில் வையுங்கள். 6 சரி என்றால் வாடை தெரிகிறது, சொல்லத்தான் தெரியவில்லை. 3, 4 என்றால் அந்த வாடைக்கு அவரை நீக்கிவிடலாம்.

பழைய_லாக்டோமீட்டர்
நான் எடுக்க மாட்டேன். ஒருவர் எல்லாம் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? ரிசப்ஷன் டேங்கரில் ரான்சிட் பார்க்க அவரை நிறுத்துங்கள். பாய்லர் பக்கத்தில் அட்டை வாடையைப் பிடிப்பதை விட அது உபயோகம்.

சென்சரி_மாணவி
சார், அவர் ஒருவரின் தீர்ப்பைக் குழு முடிவில் சேர்த்தால் அட்டை வாடைக்கு எண்ணிக்கை கீழே இழுக்குமே. அவர் இருக்கட்டும், ஆனால் அந்த வாடைக்கு அவர் தாளைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

பழைய_லாக்டோமீட்டர்
தாளை எடுக்காமல் ஆளை உட்கார வைப்பது அவருக்குத் தெரிந்தால் நாளையில் இருந்து அவர் வர மாட்டார். எனக்கு இதில் தெளிவான பதில் இல்லை.

ஸ்ட்ராங்டீ
சீல்பாக்கெட் தம்பி, எங்கள் சந்தில் கடைக்காரர் பால் பாக்கெட்டை வெயிலில் டிரேயோடு வைத்திருக்கிறார். அந்தப் பாலில் டீ போட்டால் கோழி இறகு பொசுக்கின மாதிரி ஒரு வாடை. இது உங்கள் அட்டையா, வேறயா?

பழைய_லாக்டோமீட்டர்
வேறு. அது வெளிச்சம் பட்ட வாடை, செம்புக்குச் சம்பந்தம் இல்லை. பாலில் இருக்கிற ரிபோஃப்ளேவின் வெயிலைப் பிடித்து, மெத்தியோனைன் என்ற அமினோ அமிலத்தை உடைக்கிறது. முதலில் பொசுங்கின இறகு, முட்டைக்கோஸ் மாதிரி வரும். நேரம் ஆக ஆக அட்டையும் சேரும். செம்பு விஷயத்தில் தாக்குப்பிடிக்கிற ஹோமோஜினைஸ் பால், இதில் சீக்கிரம் மாட்டும். தம்பி, அடுத்த மாதத் தேர்வுக்கு உங்கள் பாக்கெட் பாலையே கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, நம் மத்தியான வெயிலில் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். உடனே ஐஸில் வையுங்கள், வெயில் சூட்டில் புளிக்க விடாதீர்கள்.

சீல்பாக்கெட்
செய்கிறேன் சார். தாளில் அதற்கு என்ன பெயர் போடுவது? இறகு என்று போட்டால் கோழி பற்றி யோசிப்பார்கள்.

நெய்மணம்
எங்கள் வீட்டில் முடி பொசுங்கின வாடை என்போம்.

எண்ணெய்ச்செக்கு
அது நல்லா இருக்கு. சீல்பாக்கெட், உங்கள் மூன்று தாளையும் ஸ்கேன் செய்து இங்கே போடுங்கள். எங்கள் ஆலையில் சிக்கு பார்க்கிற குழுவுக்கும் பேப்பர் கப்தான் வைத்திருக்கிறோம், இப்போதுதான் உறைக்கிறது.

சீல்பாக்கெட்
திங்கட்கிழமை போடுகிறேன் சார்.